மலையாளக் கால் ரெக்கார்டிங்கைத் தமிழில் சுருக்கி எழுதிக் கொடுத்தேன், வண்டி 12 மணி நேரம் லேட்

மண்டபம்_சேகர்

மண்டபத்தில் ஒரு மீன் ஏஜென்ட் கடையில் வேலை பார்க்கிறேன். முன்பு இரண்டு சீசன் நீண்டகரையில் போட்டில் இருந்தேன். அதனால் மலையாளம் கேட்கவும் பேசவும் வரும், எழுதப் படிக்க வராது. எங்கள் கடையில் கணக்கு பார்க்கிற அக்காவுக்கு மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கேரளத்து வியாபாரி ஒருவர் முதலாளியோடு 9 நிமிடம் 40 விநாடி பேசினார். கால் ரெக்கார்ட் ஆவது அவருக்கும் தெரியும். பேசி முடித்த கையோடு முதலாளி மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். ஃபைலை எனக்கு அனுப்பி, "அக்காவுக்கு என்னன்னு எழுதிக் கொடுத்துரு தம்பி" என்றார். முக்கியமான இடம் இதுதான், காதில் விழுந்தபடி எழுதுகிறேன்:

"இன்னலெ ராத்ரி குறச்சு பைசா அயச்சிட்டுண்டு. பாக்கி மற்றன்னாள் தராம். அடுத்த லோடில் கூந்தள் அம்பது கிலோ மதி. வியாழாழ்ச்ச ராவிலெ ஆறு மணிக்கு முன்பு எத்தணம்."

நான் அக்காவுக்கு வாட்சப்பில் எழுதியது:

"நேத்து நைட் குறைச்சு பைசா அனுப்பியிருக்கார். பாக்கி மறுநாள் தரலாம்னு சொல்றார். அடுத்த லோடு கூந்தல் 50 கிலோ. வியாழன் ராவிலே 6 மணிக்கு முன்னாடி வண்டி வரணும்."

என்ன நடந்தது என்றால், அக்கா 'ராவிலே' என்பதை ராத்திரி என்று எடுத்துக்கொண்டு, சாயங்காலம் ஆறு மணிக்குள் சேருகிற மாதிரி வண்டியை வியாழன் காலையில் அனுப்பினார். அங்கே காலைச் சந்தை முடிந்து அரை நாள் ஆகிவிட்டது. கிலோவுக்கு 40 ரூபாய் குறைத்துத்தான் எடுத்தார், கணவாயில் மட்டும் 2000 ரூபாய் போச்சு. இடையில் புதன்கிழமை வேறு அக்கா அவருக்கு, "பணத்தைக் குறைச்சது மட்டுமில்லாம அதையும் அனுப்பலையே" என்று மெசேஜ் போட்டுவிட்டார். அவர் கொதித்துப் போய் முதலாளிக்கு போன் அடித்தார். முதலாளி எனக்கு அடித்தார்.

எனக்கு மலையாளம் புரியவில்லை என்று சொல்ல முடியாது. அவர் சொன்னது அத்தனையும் எனக்குப் புரிந்தது. எங்கே கோட்டை விட்டேன்?

தொண்டி_ராஜா

தம்பி, மலையாளம் என்ன தனி பாஷையா, நம்ம பழைய தமிழ்தானே. கேட்டதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் பாதி அவர்களுக்கே புரியும். சுருக்கம் எழுதுகிறேன் என்று நீ உன் வார்த்தையைப் போட்டதுதான் தப்பு.

அப்புறம் 'தராம்' என்பதற்கு நீ 'தரலாம்' என்று எழுதியது சரிதான். அவர்கள் எதற்கும் ஆம் போட்டுத்தான் பேசுவார்கள். நோக்காம், செய்யாம், தராம். ஒன்றும் நடக்காது.

சோளியக்குடி_மணி

என் போனில் ரெக்கார்டிங் ஆப்ஷனே வரவில்லை. போன தடவை அப்டேட் போட்ட பிறகு ஆன் செய்தால் "இந்தக் கால் பதிவாகிறது" என்று ஒரு பொம்பளை குரல் இரண்டு பக்கமும் சொல்லிவிடுகிறது. அதை நிறுத்த வழி உண்டா?

மண்டபம்_சேகர்

மணி அண்ணே, கேள்வி ரெக்கார்ட் செய்வதைப் பற்றி இல்லை, எழுதுவதைப் பற்றி. அந்தக் குரல் சொல்வதும் நல்லதுதானே, பேசுகிறவருக்குத் தெரிந்து போகும்.

பாம்பன்_தெரசா

சேகர், நான் பிறந்து வளர்ந்தது கொல்லம் பக்கம். 18 வயதில் கல்யாணமாகி பாம்பனுக்கு வந்தேன். இப்போது ஐஸ் பிளான்ட்டில் கணக்கும் போனும் என் கையில்தான். உன் மெசேஜைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் முதல் இரண்டு வருஷம் நானும் இதே மாதிரிதான் எழுதினேன், என்ன, எதிர்த் திசையில்.

உனக்கு மலையாளம் புரியாமல் இது நடக்கவில்லை. புரிந்ததால்தான் நடந்தது. 'ராவிலெ' என்றால் காலை என்று உனக்கு நன்றாகவே தெரியும். அதனால் அதைத் தமிழாக்க வேண்டும் என்றே உனக்குத் தோன்றவில்லை. வார்த்தை அப்படியே உன் கை வழியாகத் தமிழுக்குள் வந்துவிட்டது. படித்த அக்காவுக்கு அது முழுத் தமிழ் வார்த்தை. ராவு என்றால் இரவு, ராவிலே என்றால் இரவிலே. அவர் மேல் என்ன குற்றம்?

மலையாளத்தில் 'எத்தணம்' மாதிரி தமிழுக்குப் பழக்கமில்லாத வார்த்தையில் யாரும் தவறுவதில்லை. அதைப் பார்த்ததும் நின்று யோசிக்கிறோம். ஒரே மாதிரி ஒலிக்கிற வார்த்தையில்தான் நிற்காமல் தாண்டிவிடுகிறோம்.

'குறச்சு' அதைவிட மோசம். மலையாளத்தில் அது 'கொஞ்சம்'. கொஞ்சம் பணம் அனுப்பியாச்சு, பாக்கி பிறகு, அவ்வளவுதான் அவர் சொன்னது. நீ 'குறைச்சு' என்று எழுதினாய். தமிழில் அது பிடித்தம் செய்து அனுப்பினார் என்று குற்றப் பத்திரிகை ஆகிவிட்டது. இதில் இன்னொரு வம்பு, அவர்களும் 'வில குறச்சு' என்றால் விலையைக் குறைத்து என்றுதான் அர்த்தம் கொள்வார்கள். அதனால் முன்னால் என்ன வருகிறது, பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். 'குறச்சு பைசா' என்று அடுத்தாற்போல் பொருள் வந்தால் கொஞ்சம். 'வில குறச்சு' என்று முன்னால் வந்தால் குறைத்தது. கூடவே 'குறே' என்று ஒன்று இருக்கிறது. அது நம் காதுக்குக் குறை மாதிரி கேட்கும், அர்த்தமோ நிறைய. 'குறே நாளாயி' என்றால் ரொம்ப நாளாச்சு.

ராஜா அண்ணன் சொன்னபடி கேட்டதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால் இந்த மூன்றும் அப்படியே அக்கா கையில் போய்ச் சேரும். சேகர் செய்தது அதுதானே?

தொண்டி_ராஜா

சரி, ராவிலே விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். நோக்காம் விஷயத்தில் நான் விடமாட்டேன். நான் கோழிக்கோட்டுக்காரன் ஒருத்தனிடம் மூன்று மாதம் 'நோக்காம்' வாங்கியவன்.

கீழக்கரை_நூர்

எனக்கு மலையாளம் தெரியாது, தெலுங்குப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் இறால் பண்ணைக்கு நெல்லூர்க்காரர் ஒருவர் வந்து எடுப்பார். அவர் போனில் பேசுவதை என் தம்பி மகன் கேட்டு எனக்குத் தமிழில் எழுதித் தருவான், அவன் ஆந்திராவில் படித்தவன்.

இறாலுக்கு விலை கவுன்ட்டை வைத்துத்தான். ஒரு கிலோவில் எத்தனை இறால் என்பதுதான் கவுன்ட். 50 கவுன்ட் என்றால் பெரிய இறால், 80 கவுன்ட் என்றால் சிறுசு, விலையில் நல்ல வித்தியாசம். தெலுங்கில் 50 'யாபை', 80 'எனபை'. போனில் காற்று அடிக்கிற இடத்தில் நின்று அவர் 'எனபை' என்றால் முதல் எழுத்து விழுங்கிப் போய் 'யாபை' மாதிரிக் கேட்கும். ஒரு தடவை பிள்ளை 50 என்று எழுதிவிட்டான். நான் 50 கவுன்ட் விலையை மனதில் வைத்துக்கொண்டு பேசப் போக, அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

90க்கு 'தொம்பை', 9க்கு 'தொம்மிதி'. நம் காதுக்கு இரண்டுமே ஒன்பது மாதிரிதான். அதிலிருந்து எண் வருகிற இடத்தை மட்டும் தனியாக மூன்று முறை ஓட்டிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அப்படியும் தெளிவில்லை என்றால் '50 அல்லது 80, 04:10இல் கேட்கவும்' என்று எழுதிவிடுவான். அதை நான் ஒரு நாளும் குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

பாம்பன்_தெரசா

நூர் காக்கா சொன்னது மலையாளத்திலும் உண்டு. முந்நூற்றம்பதும் முந்நூற்றொம்பதும். அதாவது 350, 309. நமக்கும் அதே தொல்லை இருப்பதால் இதில் எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருப்போம்.

சேகர், உன் அக்கா ஏன் 'அனுப்பலையே' என்று எழுதினார்? பேங்கில் பணம் வரவே இல்லையா?

மண்டபம்_சேகர்

அதுதான் அக்கா இன்னொரு கூத்து. பணம் வந்திருக்கிறது. திங்கள் இரவு 15,000 ரூபாய் வேறு யாரோ ஒரு பெயரிலிருந்து வந்து விழுந்திருக்கிறது. கணக்கு அக்கா அது யாருடையது என்று தெரியாமல் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார். நான் 'அனுப்பியிருக்கார்' என்று எழுதியதால் வியாபாரி பெயரைத் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை.

ரெக்கார்டிங்கைத் திரும்பக் கேட்டேன். 02:38இல் அவர் தன் அளியனைப் பற்றி ஏதோ சொல்கிறார். திங்கள்கிழமை அளியன் பேங்குக்குப் போனான் என்கிற மாதிரி. அது வீட்டுப் பேச்சு என்று நினைத்து எழுதாமல் விட்டேன்.

பாம்பன்_தெரசா

பிடித்துவிட்டாய். அளியன் என்றால் மச்சான். பணம் வந்தது மச்சான் கணக்கிலிருந்துதான்.

என்னைக் கேட்டால் உன் சுருக்கத்தில் ராவிலெயைவிடப் பெரிய ஓட்டை இதுதான். தமிழில் வினையைச் சொன்னாலே யார் என்று வால் வந்துவிடும். அனுப்பினேன், அனுப்பினாய், அனுப்பினார். மலையாளத்தில் அந்த வால் கிடையாது. 'அயச்சு' என்றால் நானும் அயச்சு, நீயும் அயச்சு, அவனும் அயச்சு. யார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், பேச்சில் முக்கால்வாசி நேரம் சொல்ல மாட்டார்கள். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் யாரைப் பற்றிப் பேசினார்களோ அவர்தான் என்று இருவருக்கும் தெரியும். நீ அதைத் தமிழில் எழுத உட்கார்ந்ததும் உன் கை தானாகவே ஒரு வாலை ஒட்டிவிடும். 'அனுப்பியிருக்கார்' என்ற ஒரு 'ஆர்' உன்னுடையது, அவருடையது இல்லை.

ரெக்கார்டிங் கேட்கும்போது இன்னும் ஆபத்து. நேரில் பேசினால் "யார் அனுப்பினது?" என்று கேட்டுவிடலாம். ரெக்கார்டிங் பதில் சொல்லாது. அதனால் பணம், ஐஸ், வண்டி, மீன் இந்த நாலைப் பற்றிய வினை வரும்போதெல்லாம் நான் பின்னால் ஓட்டி, கடைசியாகப் பேர் சொன்ன ஆள் யார் என்று பார்ப்பேன். பேர் இரண்டு நிமிடத்துக்கு முன்னாலும் இருக்கும், சில நேரம் கால் தொடக்கத்தில் 'சுகமல்லே' கேட்கிற இடத்திலும் இருக்கும்.

யார் என்று தெரியவே தெரியாவிட்டால்? அதற்கும் தமிழில் வழி இருக்கிறது. 'பணம் அனுப்பியாச்சு' என்று எழுது. ஐஸ் போட்டாச்சு, வண்டி விட்டாச்சு. யார் என்று சொல்லாமலே வேலை முடிந்ததை மட்டும் சொல்கிற வினை நம்மிடமே இருக்கிறது. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாது.

தேவிபட்டினம்_வசந்தி

நான் சேகர் பக்கம் இல்லை, அந்தக் கணக்கு அக்கா பக்கம். எனக்கும் மலையாளம் தெரியாது, கருவாட்டுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், மாதத்துக்கு நாலைந்து இப்படிச் சுருக்கம் என் கைக்கு வரும்.

முதலில் ஒன்று. 'கூந்தல் 50 கிலோ' என்று படித்ததும் உங்கள் அக்கா ஒன்றும் கேட்கவில்லையா? நானாக இருந்தால் திருப்பதியில் முடி ஏலம் எடுத்திருக்கிறோமா என்று கேட்டிருப்பேன்.

இரண்டாவது, தெரசா அக்கா 'அனுப்பியாச்சு' என்று எழுதச் சொல்கிறார். எழுதுகிறவருக்கு அது வசதி, எனக்கு இல்லை. லெட்ஜரில் 'ஆச்சு' என்று ஒரு பேர் கிடையாது. யார் என்று தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். 'அனுப்பியாச்சு' என்று படித்தால் எழுதினவருக்கு யார் என்று தெரியும், நமக்குத் தேவையில்லை என்று விட்டிருக்கிறார் என்றுதான் நினைப்பேன்.

மூன்றாவது, பேச்சு முழுவதும் எனக்கு வேண்டாம். ஐந்து வரி போதும். யார், எவ்வளவு, எப்போது, என்ன சரக்கு, அவர் ஒப்புக்கொண்டது என்ன.

பாம்பன்_தெரசா

வசந்தி, 'ஆச்சு' விஷயத்தில் நீ சொல்வதை ஏற்கிறேன். 'அனுப்பியாச்சு, யார் என்று சொல்லவில்லை' என்று இரண்டையும் சேர்த்து எழுதட்டும்.

ஐந்து வரி விஷயத்தில் ஏற்க மாட்டேன். வரி எத்தனை என்பதை நீ முடிவு செய்யக் கூடாது. சேகர் எழுதியதும் நாலு வரிதான்.

தேவிபட்டினம்_வசந்தி

நாலு வரியும் தப்பு, அது வரியின் குற்றமா?

கீழக்கரை_நூர்

😀

மண்டபம்_சேகர்

அக்காவிடம் கேட்டேன். 'கூந்தல்' என்பதைக் கணவாய்தான் என்று ஊகித்தாராம், ஏனென்றால் அந்த வியாபாரி எப்போதும் கணவாய்தான் எடுப்பார். ஆனால் ஊசிக் கணவாயா ஓட்டுக் கணவாயா என்று தெரியாமல் இரண்டும் பாதிப் பாதி ஏற்றச் சொல்லியிருக்கிறார். இதுவரை நான் கேட்கவே இல்லை, அவரும் சொல்லவில்லை.

பாம்பன்_தெரசா

எங்கள் பக்கத்தில் கூந்தள் என்றால் ஊசிக் கணவாய், கணவ என்றால் உள்ளே ஓடு இருக்கிற ஓட்டுக் கணவாய். எல்லா ஊரிலும் இப்படியே பிரித்துச் சொல்வார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சந்தேகம் இருந்தால் 'ஓடு உள்ளதோ?' என்று ஒரு கேள்வி. சுருக்கத்தில் 'ஊசிக் கணவாய் (அவர் சொன்னது கூந்தள்)' என்று எழுது. அந்த இடத்தில் மட்டும் அவருடைய வார்த்தை பக்கத்தில் நிற்கட்டும். அடுத்த தடவை அதே வார்த்தை வந்தால் அக்காவே பிடித்துக்கொள்வார்.

இன்னொன்று, 'மதி' எங்கே போச்சு? 'அம்பது கிலோ மதி' என்றார். போதும் என்று அர்த்தம். நீ வெறும் 50 கிலோ என்று எழுதிவிட்டாய். 50 கிலோ வேண்டும் என்பதற்கும் 50 கிலோ போதும் என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. போதும் என்றால் 60 ஏற்றினால் 10 கிலோவுக்கு அவர் பொறுப்பில்லை.

தொண்டி_ராஜா

மதி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் கடையில் முன்பு இருந்த பையன் 'நூறு கிலோ மதி' என்று கேட்டுவிட்டு, சாளை நூறு கிலோ ஏற்றிவிட்டான். மத்தி என்று நினைத்துக்கொண்டான். கேட்டது வேறு மீன்.

சரி, 'தராம்' விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பாம்பன்_தெரசா

சொல்கிறேன் ராஜா அண்ணே. 'பாக்கி மற்றன்னாள் தராம்' என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால் அது வாக்கு. தமிழில் 'தருகிறேன்' என்றுதான் எழுத வேண்டும், 'தரலாம்' என்று எழுதினால் தருவேனோ மாட்டேனோ என்று ஆகிவிடும். சேகரின் கணக்கு அக்காவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் கோபத்துக்கு அந்த 'லாம்' ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதே 'ஆம்' எதிராளியைப் பற்றி வந்தால் நம் 'லாம்'தான். 'நிங்ஙள்க்கு எடுக்காம்' என்றால் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே நீங்கள் சொன்னதில் பாதி சரி.

'நோக்காம்' தனி. அது நம் 'பார்க்கலாம்' மாதிரியே, கையில் பிடிக்க முடியாது. உங்கள் கோழிக்கோட்டுக்காரர் உங்களுக்கு ஒரு வாக்கும் தரவில்லை. நீங்கள்தான் மூன்று மாதம் வாக்கு என்று நினைத்துக் காத்திருந்தீர்கள்.

அப்புறம் 'மற்றன்னாள்' மறுநாள் இல்லை, நாளை மறுநாள். செவ்வாயில் பேசினால் வியாழன். சுருக்கத்தில் நாளை, மறுநாள் என்றே எழுதாமல் கிழமை போடுவது நல்லது. அக்கா மறுநாள் காலையில் படிக்கும்போது 'நாளை' எந்த நாளை?

கீழக்கரை_நூர்

கிழமை போடுவது நல்ல யோசனை. தெலுங்கில் 'எல்லுண்டி' என்பான், அதுவும் நாளை மறுநாள்தான். தெலுங்கில் ஒரு நிம்மதி, நம்மைப் போலவே வினைக்கு வால் உண்டு. 'பம்பிஞ்சானு' என்றால் நான் அனுப்பினேன், 'பம்பிஞ்சாரு' என்றால் அவர் அனுப்பினார். ஆனால் கடைசி எழுத்து போனில் தேய்ந்துவிடும். வால் இருந்தும் பிரயோஜனமில்லாத நேரம் உண்டு.

வேறு ஒரு விஷயம் கேட்கிறேன். அந்த அளியன் பேச்சு வீட்டுப் பேச்சு என்று சேகர் விட்டதாகச் சொன்னார். எங்கள் நெல்லூர்க்காரர் ஒரு தடவை தன் மனைவிக்கு ஆபரேஷன் என்று பத்து நிமிடம் பேசினார். பிள்ளை அதையும் எழுதி, அது ஆபீஸ் குரூப்பில் போய், எல்லோரும் படித்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுப் பேச்சை எழுதக் கூடாது என்றேன். இங்கே பார்த்தால் வீட்டுப் பேச்சில்தான் பணம் அனுப்பியவர் பெயர் இருந்திருக்கிறது.

தேவிபட்டினம்_வசந்தி

ஆபரேஷன் எனக்குத் தேவையில்லை காக்கா. ஆனால் 'ஆபரேஷனால் இந்த மாதம் பணம் தாமதம்' என்று அவர் சொல்லியிருந்தால் 'வீட்டுச் செலவால் தாமதம்' என்று எழுதினால் போதும். நோயின் பெயர் எதற்கு?

பாம்பன்_தெரசா

அவர் தாமதத்துக்குக் காரணமாகச் சொன்னாரா, சும்மா மனசு ஆறச் சொன்னாரா என்பது எழுதுகிறவருக்கு எப்படித் தெரியும்? நான் என்றால் முதலாளியிடம் மட்டும் வாயால் சொல்வேன், எழுத மாட்டேன். இதில் ஒரே விதி வைக்க எனக்குத் தெரியவில்லை.

மண்டபம்_சேகர்

நேற்று இரவு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அதே கால் ரெக்கார்டிங்கை மறுபடி எழுதினேன். முதல் தடவை ஒரு பேனாகூட எடுக்காமல் முழுதாகக் கேட்டேன். இரண்டாவது தடவை எண், கிழமை, பெயர் மட்டும் நேரத்தோடு குறித்தேன். மூன்றாவது தடவைதான் எழுதினேன். பார்த்துச் சொல்லுங்கள்:

செவ்வாய் மாலை கால், 9 நிமிடம் 40 விநாடி. பேசியவர்கள்: நம் முதலாளி, வியாபாரி.
02:38 திங்கள்கிழமை தன் மச்சான் பேங்குக்குப் போனதாக வியாபாரி சொன்னார்.
03:12 திங்கள் இரவு கொஞ்சம் பணம் அனுப்பியாச்சு. தொகை சொல்லவில்லை. யார் அனுப்பியது என்றும் சொல்லவில்லை, 02:38ஐ வைத்துப் பார்த்தால் மச்சானாக இருக்கலாம் (இது என் ஊகம்).
03:20 பாக்கியை வியாழன் தருகிறேன் என்றார்.
03:31 அடுத்த லோடில் ஊசிக் கணவாய் (அவர் சொன்னது 'கூந்தள்') 50 கிலோ போதும்.
03:40 வண்டி வியாழன் காலை 6 மணிக்கு முன் சேர வேண்டும்.
07:15 போன லோடில் ஐஸ் குறைவாக இருந்ததற்கு விலை குறைக்க வேண்டும் என்று வியாபாரி கேட்டார். முதலாளி எவ்வளவு என்று கேட்டதற்கு 'அது நமுக்கு சரியாக்காம்' என்றார். தொகை பேசவில்லை.

கடைசி வரியில்தான் மாட்டிக்கொண்டேன். 'சரியாக்காம்' என்றால் சரி செய்துவிடுகிறேன் என்றா, பிறகு பேசிக்கொள்ளலாம் என்றா? அந்த 'நமுக்கு' வேறு இருக்கிறது. நாம் இருவரும் சேர்ந்து என்கிறாரா?

தேவிபட்டினம்_வசந்தி

இது எனக்குப் போதும். ஏழு வரி என்றாலும் படிக்க முடிகிறது. 'இது என் ஊகம்' என்று எழுதியதற்குத் தனியாக ஒரு டீ வாங்கித் தரலாம். அந்த ஒரு வரி இருந்திருந்தால் அக்கா 15,000 ரூபாயை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார்.

தொண்டி_ராஜா

சரியாக்காம் என்றால் ஒன்றுமே செய்யமாட்டேன் என்று அர்த்தம். அனுபவத்தில் சொல்கிறேன்.

பாம்பன்_தெரசா

ராஜா அண்ணே, அது அனுபவம், அர்த்தம் இல்லை. எங்கள் வீட்டில் குழாய் ரிப்பேருக்கு வருகிறவர் 'சரியாக்காம்' என்றால் அன்றே சரியாகிவிடும். பணப் பேச்சில் அதே வார்த்தை வந்தால் 'இப்போது இதைப் பேச வேண்டாம், நமக்குள் தீர்த்துக்கொள்ளலாம்' என்ற பக்கம் சாயும். 'நமுக்கு' வந்ததால் இங்கே அந்தப் பக்கம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல முடியாது, அவர் குரலை நான் கேட்கவில்லை. இழுத்துச் சொன்னாரா, சட்டென்று சொன்னாரா?

மண்டபம்_சேகர்

இழுத்துத்தான் சொன்னார். ஆனால் அவர் எல்லாவற்றையும் இழுத்துத்தான் சொல்வார்.

பாம்பன்_தெரசா

அப்படியானால் அந்த வரியைத் தமிழாக்காதே. 'சரியாக்காம் என்றார், தொகை முடிவாகவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்' என்று விடு. கணக்கு அக்கா அதற்கு எதுவும் எழுதாமல் வைத்திருக்கட்டும்.

கீழக்கரை_நூர்

முதலாளிக்கே தெரிந்திருக்குமே தம்பி, அவர்தானே பேசினார்?

மண்டபம்_சேகர்

அவரிடம் கேட்டேன் காக்கா. "அவன் சரி பண்றேன்னுதான் சொன்னான்" என்றார். யார் யாருக்குச் சரி பண்ணுவது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அது தெரியலையே" என்றார்.

இன்று காலையில் வியாபாரிக்கு நானே போன் செய்தேன். முதலில் கணக்கு அக்கா சார்பில் மன்னிப்பு கேட்டேன். குறச்சு, குறைச்சு கதையைச் சொன்னதும் நன்றாகச் சிரித்தார், அவர் மனைவியைக் கூப்பிட்டு அவரிடமும் சொல்லச் சொன்னார். 15,000 ரூபாய் மச்சான் கணக்கிலிருந்துதான் என்று உறுதி செய்தார். பாக்கி 27,000 வியாழன் மாலையே அனுப்பியதாகச் சொன்னார், அதுவும் மச்சான் பெயரில்தான் வந்து கிடக்கிறது, பார்த்துவிட்டோம்.

கடைசியாக அந்த ஐஸ் விஷயம், கிலோவுக்கு எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அடுத்த லோடு வரட்டே. நோக்காம்" என்றார்.

தொண்டி_ராஜா

😂😂😂